ஸ்கேன் சரியாக இருக்கிறது, கால் ஏன் நடக்கவில்லை?
செயல்சார் நரம்பியல் அறிகுறிகளைப் புரிந்துகொள்ள ஒரு பாடம்

நரம்பியல் புறநோயாளிப் பிரிவுக்கு வருவோரில் ஒரு சாராரைப் பற்றி இவ்விதழில் எழுத வேண்டும் என்பது எங்கள் நெடுநாள் எண்ணம். கை அல்லது கால் திடீரென வலுவிழந்திருக்கும். அல்லது உடல் நடுங்கும். அல்லது வலிப்புப் போன்ற நிகழ்வு அடிக்கடி வரும். எம்.ஆர்.ஐ. ஸ்கேன், இரத்தப் பரிசோதனை, நரம்புக் கடத்தல் பரிசோதனை ஆகிய அனைத்தும் சரியாக இருக்கும். அறிக்கைகள் நிறைந்த கோப்பைக் கையில் வைத்துக்கொண்டு, ‘எல்லாம் நன்றாக இருக்கிறது என்கிறார்கள், ஆனால் என்னால் நடக்க முடியவில்லையே’ என்று அவர்கள் கேட்பார்கள். அந்தக் கேள்வி நியாயமானது. அதற்கு ‘ஒன்றுமில்லை’ என்பது விடையாகாது. ஏனெனில் அவர்களிடம் ஒன்று இருக்கிறது. அதற்குப் பெயரும் உண்டு. அதைக் கண்டறியும் வழியும் உண்டு. அதன் பெயர் செயல்சார் நரம்பியல் கோளாறு.

இது அரிதான நிலை அன்று. ஸ்காட்லாந்து நாட்டில் நரம்பியல் மருத்துவமனைகளுக்குப் புதிதாக வந்த மூவாயிரத்து எழுநூறுக்கும் மேற்பட்ட நோயாளிகளை ஆராய்ந்து 2010ஆம் ஆண்டு வெளியிட்ட ஆய்வில், தலைவலிக்கு அடுத்தபடியாக அதிகம் காணப்பட்டவை செயல்சார் மற்றும் உளம்சார் அறிகுறிகளே. சுமார் 16 விழுக்காட்டினர் அப்பிரிவில் அடங்கினர். இந்நோயின் வடிவங்கள் பல. அவை அனைத்தையும் இங்கு விளக்கப் புகுந்தால் எதுவும் தெளிவாகாது. ஆகவே ஒரே ஒரு வடிவத்தை, அதாவது ஒரு காலில் ஏற்படும் செயல்சார் பலவீனத்தை மட்டும் எடுத்துக்கொண்டு, அதை நாங்கள் எப்படிக் கண்டறிகிறோம், நோயாளிக்கு எப்படி எடுத்துச் சொல்கிறோம் என்பதைப் படிப்படியாக விளக்குகிறோம்.

ஓர் எடுத்துக்காட்டு

கீழே வரும் பெண்மணி ஒரு தனி மனிதர் அல்லர். பல நோயாளிகளிடம் கண்டவற்றைத் தொகுத்து நாங்கள் அமைத்த எடுத்துக்காட்டு அவர்.

வயது 38. ஆயத்த ஆடை நிறுவனமொன்றில் தையல் இயந்திரத்தில் பணி. இரு குழந்தைகளின் தாய். ஒருநாள் மாடிப்படியில் கால் வழுக்கி இடது கணுக்கால் சுளுக்கிக்கொண்டது. எலும்பு முறிவு இல்லை. கட்டுப் போட்டுக்கொண்டு பத்து நாட்கள் வீட்டில் ஓய்வெடுத்தார். வீக்கம் வடிந்தது, வலியும் குறைந்தது. ஆனால் பதினோராம் நாள் வேலைக்குக் கிளம்பியபோது இடது கால் முழுவதும் பாரமாக, தன்னுடையதே அல்லாததுபோல் தோன்றியது. அடுத்த சில நாட்களில் காலை இழுத்துக்கொண்டு நடக்கத் தொடங்கினார். மூன்று மாதங்களில் மூளைக்கும் முதுகெலும்புக்கும் எம்.ஆர்.ஐ. ஸ்கேன் எடுத்தாயிற்று, நரம்புக் கடத்தல் பரிசோதனையும் செய்தாயிற்று. எதிலும் குறை தென்படவில்லை.

இதற்கிடையில் வீட்டில் ஆளுக்கொரு கருத்து. மாமியார் கண்ணேறு என்றார். மந்திரித்துக் கயிறு கட்டினார்கள். உடன் பணிபுரிவோர் சிலர், வேலைக்கு வர மனமில்லாமல் செய்கிறார் என்று பேசிக்கொண்டனர். ‘உங்களுக்கு ஒன்றுமில்லை, மனத்தைத் தைரியமாக வைத்துக்கொள்ளுங்கள்’ என்ற அறிவுரையுடன் அவர் திருப்பி அனுப்பப்பட்டதும் உண்டு. எங்களிடம் வரும்போது அவருடைய முதல் அச்சம் கால் அன்று. தாம் நம்பப்படமாட்டோம் என்பதே.

பரிசோதனை என்ன காட்டியது?

இங்கே ஒரு முக்கியமான உண்மையைச் சொல்ல வேண்டும். செயல்சார் பலவீனம் என்பது, ‘வேறெதுவும் கிடைக்கவில்லை, ஆகவே இதுவாக இருக்கலாம்’ என்று கழித்துக் கட்டி வரும் முடிவு அன்று. நேரடியாகப் பார்த்து, தொட்டு உறுதி செய்யக்கூடிய அடையாளங்கள் அதற்கு உண்டு. ஸ்கேன் எடுக்கும் முன்பே பல வேளைகளில் அவை தெரிந்துவிடும்.

முதலில் அவர் நடையைப் பார்த்தோம். பக்கவாதத்தால் கால் வலுவிழந்தவர் நடக்கும்போது, அந்தக் கால் விறைத்து, இடுப்பிலிருந்து பக்கவாட்டில் அரைவட்டமாகச் சுழன்று முன்னே வரும். இந்தப் பெண்மணியின் இடது காலோ ஒரே துண்டாக, பாதத்தின் முன்பகுதி தரையில் உரச, பின்னாலேயே இழுபட்டு வந்தது. இது செயல்சார் பலவீனத்தில் நாங்கள் அடிக்கடி காணும் நடை. சுத்தியலால் முழங்காலிலும் கணுக்காலிலும் தட்டிப் பார்த்ததில் இரு கால்களின் அனிச்சைத் துடிப்பும் ஒரே அளவில் இருந்தது. தசைகள் மெலியவில்லை.

அடுத்து வந்தது இந்தப் பாடத்தின் மையமான பரிசோதனை. இதற்கு ஹூவர் அடையாளம் என்று பெயர். சார்லஸ் ஃபிராங்க்ளின் ஹூவர் என்ற அமெரிக்க மருத்துவர் 1908ஆம் ஆண்டு இதை விவரித்தார். கருவி எதுவும் தேவையில்லை. மருத்துவரின் இரு கைகள் போதும்.

நோயாளி மல்லாந்து படுத்திருக்கிறார். அவருடைய இடது குதிகாலுக்கு அடியில் எங்கள் உள்ளங்கையை வைக்கிறோம். ‘குதிகாலால் என் கையைப் படுக்கையோடு சேர்த்து அழுத்துங்கள்’ என்கிறோம். அவர் முயல்கிறார், முகத்தில் அந்த முயற்சி தெரிகிறது. ஆனால் கையில் அழுத்தம் ஏறக்குறைய இல்லை. இது முதற்படி.

இரண்டாம் படியில் இடது காலைப் பற்றி எதுவும் கேட்பதில்லை. எங்கள் கை அதே இடது குதிகாலுக்கு அடியிலேயே இருக்கிறது. மற்றொரு கையை அவருடைய வலது தொடைமேல் வைத்து, ‘இப்போது வலது காலை மேலே தூக்குங்கள், நான் தடுப்பேன், விடாமல் தூக்குங்கள்’ என்கிறோம். அவர் கவனம் முழுவதும் வலது காலில் இருக்கிறது. அந்தக் கணத்தில் இடது குதிகால் எங்கள் உள்ளங்கையைப் பலமாகக் கீழே அழுத்துகிறது. சற்று முன் இல்லாத வலிமை இப்போது இருக்கிறது.

இது எப்படி நிகழ்கிறது? படுத்திருக்கும் ஒருவர் ஒரு காலை எதிர்ப்புக்கு எதிராகத் தூக்க வேண்டுமானால், உடல் நிலைபெறுவதற்காக மறுகால் தானாகவே படுக்கையை அழுத்தும். நம் எல்லோருக்கும் இப்படித்தான். நாம் கட்டளையிட்டு இது நடப்பதில்லை. பக்கவாதத்தால் மூளையிலிருந்து காலுக்குச் செல்லும் பாதை பழுதடைந்தவருக்கு, நேரே கேட்டாலும் அழுத்தம் வராது. மறுகாலைத் தூக்கச் சொன்னாலும் வராது. ஏனென்றால் பாதையே இல்லை. இவருக்கோ நேரே கேட்டால் வரவில்லை, தானாக வருகிறது. ஆகவே மூளை, தண்டுவடம், நரம்பு, தசை என்ற நெடும்பாதை முழுவதும் அறுபடாமல் இருக்கிறது. அதில் செய்தி செல்வதில்தான் இடர்ப்பாடு.

நோயாளியிடமே காட்டுவது

பல ஆண்டுகளாக இத்தகைய பரிசோதனைகளை மருத்துவர்கள் தமக்குள் வைத்துக்கொள்வதே வழக்கமாக இருந்தது. நோயாளிக்குத் தெரியாமல் அவரைச் ‘சோதித்துப் பிடிக்கும்’ உத்தி என்ற எண்ணமும் சிலரிடம் இருந்தது. நாங்கள் அதற்கு நேர்மாறாகச் செய்கிறோம். எக்ஸ்ரே படத்தில் முறிந்த எலும்பைக் காட்டுவதுபோல், இந்த அடையாளத்தை நோயாளிக்கும் உடன் வந்தவருக்கும் காட்டுகிறோம்.

அந்தப் பெண்மணியின் கணவரை அருகில் அழைத்து, அவர் கையையே இடது குதிகாலுக்கு அடியில் வைக்கச் சொன்னோம். முதற்படியில், ‘அழுத்தமே இல்லை, டாக்டர்’ என்றார். இரண்டாம் படியில் சட்டென நிமிர்ந்து பார்த்தார். ‘இப்போது நன்றாக அழுத்துகிறாள்.’

இந்த இடத்தில்தான் மிகுந்த கவனம் தேவை. காட்டிவிட்டு விளக்காமல் விட்டால், ‘அப்படியென்றால் முடியும்போது முடியாததுபோல் நடிக்கிறாளா?’ என்ற கேள்வி கணவர் மனத்தில் எழும். ‘என்னைப் பொய்க்காரி என்று நிரூபித்துவிட்டார்கள்’ என்று மனைவி எண்ணுவார். ஆகவே நாங்கள் உடனே சொன்னது இது:

“அம்மா, நீங்கள் முயற்சி செய்யவில்லை என்று இது காட்டவில்லை. நீங்கள் முயன்றதை நான் பார்த்தேன். முயலும்போது கால் உங்களுக்குக் கட்டுப்படவில்லை. முயலாதபோது அது தானாக வேலை செய்கிறது. உங்களுக்கு வந்திருக்கும் நோயின் இலக்கணமே இதுதான். இதைப் பார்த்ததால்தான் நோயின் பெயரை உறுதியாகச் சொல்கிறேன். ஸ்கேன் சரியாக இருக்கிறது என்பதால் அன்று.”

அவர் சற்று நேரம் பேசவில்லை. பிறகு கேட்டார்: “அப்படியென்றால் எனக்கு உண்மையிலேயே ஏதோ இருக்கிறதா?”

“இருக்கிறது. அதன் பெயர் செயல்சார் கால் பலவீனம். நரம்பு அறுந்துபோகவில்லை, அதனால் சரியாவதற்கு வாய்ப்பு உண்டு.”

ஸ்கேன் ஏன் காட்டுவதில்லை?

எம்.ஆர்.ஐ. ஸ்கேன் மூளையின் அமைப்பைப் படம் பிடிக்கிறது. இரத்தக் கசிவு, அடைப்பு, கட்டி, அழற்சித் தழும்பு போன்றவை அதில் தெரியும். மூளை ஒரு வேலையை எப்படிச் செய்கிறது என்பது அந்தப் படத்தில் இடம்பெறுவதில்லை. ஒற்றைத் தலைவலியால் துடிப்பவருக்கும் வழக்கமான ஸ்கேன் பெரும்பாலும் சரியாகவே இருக்கும். அதனால் அவருடைய தலைவலி பொய் என்று எவரும் சொல்வதில்லை.

மூளையின் செயலைப் பதிவு செய்யும் தனிவகை ஸ்கேன்கள் ஆராய்ச்சிக்கூடங்களில் உள்ளன. செயல்சார் பலவீனம் உடையவர்களையும், பலவீனம் இருப்பதுபோல் வேண்டுமென்றே நடிக்கச் சொல்லப்பட்டவர்களையும் அவற்றில் ஒப்பிட்டுப் பார்த்திருக்கிறார்கள். இரு குழுவினரின் மூளைச் செயல்பாட்டிலும் வேறுபாடு காணப்பட்டது. எனினும் அது குழுக்களுக்கு இடையே காணும் வேறுபாடு. தனியொருவருக்கு நோய் உண்டா இல்லையா என்று சொல்ல அந்த ஸ்கேனை இன்று பயன்படுத்த முடியாது. ஆகவே ‘அந்த ஸ்கேனையும் எடுத்துவிடலாமா’ என்று கேட்போருக்கு, தேவையில்லை என்கிறோம். ஹூவர் அடையாளம் போன்றவை தரும் செய்தியே இங்குப் பயனுள்ளது.

மூளையில் நிகழ்வது என்ன?

நாம் ஒவ்வொரு அசைவையும் சிந்தித்துச் செய்வதில்லை. அடுத்து என்ன நிகழும் என்று மூளை முன்கூட்டியே கணித்து, அதற்கேற்ப உடலைத் தயார்ப்படுத்துகிறது. இதை எளிதில் உணர ஓர் அனுபவம் உண்டு. இரயில் நிலையத்திலோ வணிக வளாகத்திலோ நகரும் படிக்கட்டு பழுதாகி நின்றிருக்கும். அது நின்றிருக்கிறது என்பது நமக்கு நன்றாகத் தெரியும், கண்ணாலும் பார்க்கிறோம். இருந்தும் முதல் படியில் கால் வைத்ததும் உடல் ஒரு கணம் தள்ளாடுகிறது. படி நகரும் என்ற பழைய கணிப்பின்படி மூளை உடலை முன்னமே சாய்த்துவிட்டது. ‘படி நகராது’ என்ற நம் அறிவு அந்தக் கணிப்பை நிறுத்தவில்லை.

செயல்சார் பலவீனத்திலும் இதையொத்த ஒன்று நிகழ்கிறது என்பதே இன்றைய நரம்பியலின் விளக்கம். கணுக்கால் சுளுக்கியபோது, அந்தக் காலை ஊன்றாமல் காப்பது மூளையின் நியாயமான வேலை. பத்து நாட்கள் அந்தக் கால் கவனத்திலேயே இருந்தது. ஒவ்வோர் அடியும் யோசித்து வைக்கப்பட்டது. காயம் ஆறிய பின்னரும், ‘இந்தக் கால் தாங்காது’ என்ற கணிப்பு மூளையில் நின்றுவிட்டது. நடக்க எண்ணும்போதெல்லாம் அந்தக் கணிப்பு முந்திக்கொண்டு இயல்பான கட்டளையைத் தடுக்கிறது. கவனம் வேறெங்கோ சென்றால் கணிப்பு தளர்கிறது, கால் வேலை செய்கிறது. காலை உற்றுக் கவனித்து, ‘இப்போது தூக்க வேண்டும்’ என்று முயன்றால் பலவீனம் கூடுகிறது. ‘இன்னும் கொஞ்சம் மனம் வைத்து முயற்சி செய்’ என்ற அறிவுரை இந்நோயில் எதிர்விளைவைத் தருவது இதனால்தான்.

எல்லோருக்கும் சுளுக்கில்தான் தொடங்கும் என்பதில்லை. சிலருக்கு ஒற்றைத் தலைவலி, மயக்கம், அறுவைச் சிகிச்சை, கடும் காய்ச்சல், திடீர்ப் பதற்றம் ஆகியவற்றைத் தொடர்ந்து வருகிறது. சிலருக்குத் தூண்டுதல் எதுவென்றே தெரிவதில்லை.

மன அழுத்தம்தான் காரணமா?

ஏறக்குறைய எல்லாக் குடும்பங்களும் இதைக் கேட்கின்றன. எங்கள் விடை: சிலருக்கு அதற்குப் பங்கு உண்டு, சிலருக்கு இல்லை. முற்காலத்தில், மறைந்திருக்கும் மனக்காயம் ஒன்று கண்டிப்பாக இருந்தாக வேண்டும் என்று கருதினார்கள். அமெரிக்க மனநல மருத்துவச் சங்கம் 2013ஆம் ஆண்டு வெளியிட்ட நோய் வகைப்பாட்டின் ஐந்தாம் பதிப்பில், இந்நோயை உறுதி செய்ய மன அழுத்தக் காரணம் இருக்க வேண்டும் என்ற விதி நீக்கப்பட்டது. நோயை உறுதி செய்வது பரிசோதனையில் தெரியும் அடையாளங்களே.

எனவே உறக்கம், கவலை, வீட்டுச் சூழல், பணிச்சுமை ஆகியவற்றைப் பற்றி நாங்கள் கேட்டால், ‘இது மனத்தில்தான்’ என்று முடிவு கட்டிவிட்டதாக எண்ண வேண்டாம். மாரடைப்பு வந்தவரிடம் புகைப்பழக்கம் உண்டா என்று கேட்பதுபோல்தான் இதுவும். புகைப்பழக்கம் இல்லாதவருக்கும் மாரடைப்பு வரும். அழுத்தமோ மனச்சோர்வோ உடன் இருந்தால் அதற்கும் மருத்துவம் செய்கிறோம்; அது கால் தேறுவதற்கும் துணை செய்யும். இல்லாத ஒன்றைத் தோண்டித் தேடுவதில்லை.

பரிசோதனைக்கும் எல்லை உண்டு

ஹூவர் அடையாளம் நம்பத்தக்கது. ஆனால் தனித்து நின்று தீர்ப்புச் சொல்வதில்லை. இடுப்பு மூட்டில் வலி இருந்தால், நேரே அழுத்தச் சொல்லும்போது வலிக்கு அஞ்சி அழுத்தம் குறையலாம். அது செயல்சார் பலவீனம் அன்று. மூளையின் சில பகுதிகளில் பாதிப்பு ஏற்பட்டு, உடலின் ஒரு பக்கத்தையே கவனிக்க இயலாதவரிடமும் இந்த அடையாளம் தவறான தோற்றம் தரலாம். ஆகவே நடை, அனிச்சைத் துடிப்பு, பிற அடையாளங்கள் ஆகியவற்றையும் சேர்த்தே முடிவுக்கு வருகிறோம்.

மேலும், ஒருவருக்குச் செயல்சார் பலவீனம் இருப்பதால் வேறு நரம்பு நோய் இருக்காது என்பதில்லை. இரண்டும் ஒருவரிடமே இருக்கக்கூடும். அதனால்தான் அடையாளம் தெளிவாக இருக்கும்போதும் தேவையான பரிசோதனைகளை ஒருமுறை முறையாகச் செய்துவிடுகிறோம்.

‘நோயைத் தவறாகக் கணித்திருந்தால்?’ என்ற அச்சமும் இயல்பானது. 2005ஆம் ஆண்டு வெளியான ஒரு தொகுப்பாய்வு, இத்தகைய நோயாளிகளைப் பல ஆண்டுகள் தொடர்ந்து கவனித்த ஆய்வுகளை ஒன்றுசேர்த்துப் பார்த்தது. 1970ஆம் ஆண்டிலிருந்து வெளியான ஆய்வுகளில், பின்னாளில் வேறு நோய் என்று தெரியவந்தோர் சுமார் 4 விழுக்காட்டினர். பிற நரம்பு, மனநல நோய்களைக் கணிப்பதில் நேரும் தவறும் ஏறக்குறைய இந்த அளவே. அந்த 4 விழுக்காட்டை நினைவில் வைத்துத்தான் மீண்டும் வரச் சொல்லிப் பார்க்கிறோம்.

நடுக்கமும் வலிப்புப் போன்ற நிகழ்வுகளும்

பிற வடிவங்களுக்கும் இதேபோல் நேரடி அடையாளங்கள் உண்டு. ஒரு கையில் நடுக்கம் என்றால், மறுகையின் விரலால் நாங்கள் தட்டும் தாளத்தைப் பின்பற்றச் சொல்கிறோம். செயல்சார் நடுக்கமானால், அது ஒரு கணம் நின்றுவிடும், அல்லது அந்தத் தாளத்துக்கே மாறிவிடும். வலிப்புப் போன்ற நிகழ்வு என்றால், நிகழும்போதே காணொளியையும் மூளை மின்னலைகளையும் ஒருசேரப் பதிவு செய்வது மிக உறுதியான வழி. வீட்டில் நிகழும்போது கைப்பேசியில் எடுத்து வரும் காணொளியும் எங்களுக்கு மிகவும் உதவும். எடுக்கும்போது முகமும், குறிப்பாகக் கண்கள் திறந்திருக்கின்றனவா மூடியிருக்கின்றனவா என்பதும் தெரியும்படி எடுங்கள்.

பயிற்சி எப்படி நடந்தது?

விளக்கம் புரிந்த பிறகே இயன்முறை மருத்துவம் தொடங்கியது. பக்கவாதத்துக்குப் பின் தரும் பயிற்சி வேறு, இது வேறு. இங்குத் தசையை வலுப்படுத்துவது நோக்கம் அன்று, ஏனெனில் தசையில் வலிமை இருக்கிறது. கவனத்தைக் காலிலிருந்து விலக்கி, தானியங்கும் நடையை மீட்பதே நோக்கம்.

முதலில், நாற்காலியிலிருந்து இரு பாதங்களிலும் சமமாக எடை இறங்கும்படி எழுந்து அமரப் பழகினார். அடுத்து, நின்றபடி உடலை இடமும் வலமுமாக மெல்ல அசைத்து, எடையை ஒரு காலிலிருந்து மறுகாலுக்கு மாற்றினார். காலைத் ‘தூக்க’ச் சொல்லவில்லை, எடை மாறும்போது கால் தானாக முன்னே சென்றது. பிறகு பக்கவாட்டிலும் பின்னோக்கியும் நடக்கச் செய்தார்கள். முன்னோக்கி நடப்பதில் பழைய கணிப்பு பதிந்திருந்தது. பின்னோக்கி நடக்கையில் அது அவ்வளவாகக் குறுக்கிடவில்லை. பின்னோக்கி நடக்கும்போது கால் இழுபடவில்லை என்பதைக் கண்ணாடியில் அவரே பார்த்தார். இறுதியாக, இயன்முறை மருத்துவருடன் பேசிக்கொண்டே, சில வேளைகளில் பாடலின் தாளத்துக்கேற்ப, முன்னோக்கி நடந்தார்.

ஊன்றுகோலைப் பற்றி ஒரு சொல். விழுந்துவிடும் ஆபத்து இருந்தால் கோல் வேண்டும். ஆனால் சக்கர நாற்காலி, கால் பட்டை போன்றவற்றை நெடுநாள் பயன்படுத்தினால் ‘கால் தாங்காது’ என்ற கணிப்பு மேலும் உறுதிப்படும். ஆகவே அவற்றை எங்களைக் கேளாமல் வாங்க வேண்டாம்.

மூன்றாம் வாரத்தில் அவர் வீட்டுக்குள் கோலின்றி நடந்தார். ஐந்தாம் வாரத்தில் குழந்தைக்குக் காய்ச்சல் வந்து இரவெல்லாம் விழித்திருந்ததில் இரண்டு நாட்கள் கால் மீண்டும் இழுபட்டது. அப்படி நேரலாம் என்பதை முன்னமே சொல்லியிருந்தோம். அதனால் அவர் அஞ்சவில்லை, பயிற்சியைத் தொடர்ந்தார். நான்கு மாதங்களில் வேலைக்குத் திரும்பினார், முதலில் அரைநாளாக. களைப்பு இன்னும் மிச்சமிருக்கிறது.

எல்லோருக்கும் இப்படி முடிவதில்லை. அறிகுறி தொடங்கிப் பல ஆண்டுகள் கழித்து வருவோருக்குத் தேறுதல் கடினமாகலாம். சிலருக்குக் குறை ஓரளவே நீங்குகிறது. விளக்கம் மட்டுமே நோயைக் குணப்படுத்துவதும் இல்லை. ஆனால் நோயின் பெயரை நோயாளி தமக்குரியதாக ஏற்காதவரை, பயிற்சி பயன் தருவதை நாங்கள் அரிதாகவே கண்டிருக்கிறோம். ‘நான் நடிக்கவில்லை என்று நிரூபிக்க வேண்டும்’ என்ற கவலையில் இருப்பவரால் காலை மறக்க முடியாது. மறந்தால்தான் கால் இயங்கும்.

உடன் இருப்போர் செய்யத்தக்கவை

நடக்கும்போது இருபுறமும் தாங்கிப் பிடிக்க வேண்டாம்; அருகில் நடந்தால் போதும். ‘கால் இன்று எப்படி இருக்கிறது?’ என்று மணிக்கொருமுறை கேட்பதைவிட, சந்தையில் காய் என்ன விலை என்று பேசிக்கொண்டே நடப்பது உண்மையிலேயே மருத்துவம். நன்றாக நடந்த ஒரு நாளைக் காட்டி, ‘நேற்று முடிந்தது, இன்று மட்டும் ஏன் முடியவில்லை?’ என்று கேட்காதீர்கள். நாளுக்கு நாள் மாறுவது இந்நோயின் இயல்பு. பொய்யின் அடையாளம் அன்று. உறவினர் விசாரித்தால் சொல்வதற்கு ஒரு வரி வைத்துக்கொள்ளுங்கள்: ‘நரம்பு அறுந்துபோகவில்லை, மூளையிலிருந்து காலுக்குச் செய்தி போவதில் கோளாறு, பயிற்சி நடக்கிறது.’ அந்தப் பெண்மணியின் மாமியாருக்கு இந்த ஒரு வரியைத்தான் கணவர் சொன்னார். கயிற்றை அவர் அவிழ்க்கவில்லை. ஆனால் மாலையில் மருமகளுடன் தெருமுனைவரை நடந்து வரத் தொடங்கினார்.

எப்போது காத்திருக்கக் கூடாது?

செயல்சார் கோளாறு உள்ளவருக்கும் பக்கவாதம் வரலாம். முகம் ஒரு பக்கம் கோணுதல், பேச்சுக் குழறுதல், இதுவரை பாதிக்கப்படாத கையோ காலோ திடீரென வலுவிழத்தல், பார்வை சட்டென மங்குதல், இதற்குமுன் கண்டிராத கடுந்தலைவலி ஆகியவற்றில் எது நேர்ந்தாலும், ‘இதுவும் பழையதுதான்’ என்று வீட்டில் இருந்துவிடாதீர்கள். 108ஐ அழைத்து உடனே அவசரப் பிரிவுக்கு வாருங்கள். அடைப்பைக் கரைக்கும் ஊசியை அறிகுறி தொடங்கிய நாலரை மணி நேரத்துக்குள்தான் பொதுவாகப் போட முடியும். வந்தபின் அது செயல்சார் அறிகுறியே என்று தெரிந்தாலும், வந்தது சரியே.

மறுமுறை எங்களைப் பார்க்க வரும்போது, உங்கள் நோயை உங்கள் சொற்களிலேயே எங்களுக்கு விளக்கிச் சொல்லுங்கள் என்று கேட்போம். இது தேர்வு அன்று. எந்த இடத்தில் விளக்கம் உங்களுக்குப் பொருந்தவில்லை என்று தெரிந்தால், அந்த இடத்திலிருந்து நாங்கள் மீண்டும் தொடங்குவோம். ஹூவர் அடையாளத்தைக் காட்டும்படி நீங்களும் கேட்கலாம். வீட்டில் எவருக்கேனும் ஐயம் இருந்தால் அவரையும் அழைத்து வாருங்கள். அவர் கையையும் உங்கள் குதிகாலுக்கு அடியில் வைத்துக் காட்டுகிறோம்.